டோக்கியோவுக்குப் போக ஆறே முக்கால், திரும்பி வர ஏழரை: மேலே என்ன நடக்கிறது?

செங்காங் சரவணன்
பள்ளி விடுமுறையில் டிசம்பரில் குடும்பத்தோடு டோக்கியோ போகிறோம். டிக்கெட் எடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஒரே நிறுவனம், ஒரே ரக விமானம். சாங்கியிலிருந்து நரிட்டாவுக்கு சுமார் ஆறே முக்கால் மணி நேரம் என்கிறார்கள், திரும்பி வர ஏழரை மணி நேரத்துக்கு அருகில். நேர வித்தியாசத்தைக் கழித்துத்தான் கணக்கிட்டேன். தூரம் ஒன்றுதான், விமானமும் ஒன்றுதான், அப்படியிருக்க முக்கால் மணி நேரம் எங்கே போகிறது? ‘காற்று’ என்று ஒரு சொல்லில் நண்பர் முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. காற்று ஒரு பக்கம் உதவினால் மறுபக்கம் தடுக்கும், சரி. ஆனால் ஏன் எப்போதும் ஒரே பக்கம்?

தோ பாயோ ராமையா
தம்பி, இதில் குழப்பமே இல்லை. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. அதுதான் காரணம். நாற்பது ஆண்டுக்கு முன்னால் எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

பீஷான் குமரன்
ராமையா அண்ணன் சொல்வது முழுத் தவறு இல்லை, ஆனால் அதை நேரடியாக வைத்துக் கணக்குப் போட்டால் விபரீதமாகிவிடும். பூமத்திய ரேகையில் தரை மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போகிறது. விமானம் மேலேறியதும் தரை மட்டும் சுழன்றுகொண்டே போகுமென்றால், சாங்கியில் எழும்பி ஒரு மணி நேரம் அந்தரத்தில் நின்றாலே சுமத்ராவைத் தாண்டி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இருப்போம். அப்படி நடப்பதில்லை. தரையோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, ஓடுபாதையில் நிற்கும்போதே விமானத்துக்கும் அந்த வேகம் இருக்கிறது.

தோ பாயோ ராமையா
அப்படியென்றால் ராக்கெட்டை மட்டும் ஏன் கிழக்கு நோக்கி விடுகிறார்கள்? ஸ்ரீஹரிகோட்டா கிழக்குக் கரையில் இருப்பது எதற்காம்?

உட்லண்ட்ஸ் கலா
சரவணன் தம்பி, உங்களுக்காவது முக்கால் மணி நேரம். எங்களுக்கு அதைவிட மோசம். தீபாவளிக்குத் திருச்சி போகும்போது இரவு 8 மணிக்குக் கிளம்பினால் 9.30க்கு இறங்கிவிடலாம். ஒன்றரை மணி நேரம்தான். வரும்போது இரவு 10.30க்கு ஏறினால் காலை 5.20 ஆகிறது. ஏறக்குறைய ஏழு மணி நேரம்! பிள்ளைகள் பாடு சொல்லி மாளாது.

பீஷான் குமரன்
கலா அக்கா, அது கடிகாரம் காட்டும் வேடிக்கை. சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது ஒன்றரையோடு இரண்டரையைக் கூட்டுங்கள், 4 மணி நேரம். வரும்போது 6 மணி 50 நிமிடத்தில் இரண்டரையைக் கழியுங்கள், 4 மணி 20 நிமிடம். மிச்சமிருப்பது 20 நிமிட வித்தியாசம்தான்.

ஆனால் அந்த 20 நிமிடம்தான் என்னை உறுத்துகிறது. சரவணன் கதையில் கிழக்கே போகும் பயணம் குறைவு, மேற்கே திரும்புவது அதிகம். கலா அக்கா கதையில் மேற்கே திருச்சி போவது குறைவு, கிழக்கே சிங்கப்பூர் வருவது அதிகம். தலைகீழாக இருக்கிறது. பூமி சுழல்வதுதான் காரணமென்றால் இரண்டும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

தெம்பனிஸ் மலர்விழி
இதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். விமானம் கிளம்புவதற்கு முன் எந்தப் பாதை, எந்த உயரம், எவ்வளவு எரிபொருள் என்று திட்டம் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

முதலில் ராமையா அண்ணனின் ராக்கெட். ராக்கெட் காற்றைவிட்டு வெளியே போய்விடுகிறது. பூமியின் மையத்தைப் பொறுத்து அதற்கு வேகம் வேண்டும், அதனால் தரையின் சுழற்சி அதற்குக் கைமுதல். விமானம் கடைசிவரை காற்றிலேயே மிதக்கிறது. அதைத் தாங்குவது காற்றைப் பொறுத்த வேகம் மட்டும்தான். சாங்கி முனையத்தின் நகரும் நடைபாதையில் நடப்பவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதே நடைதான் நடக்கிறார். கீழே பாதை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து வாசலுக்குச் சீக்கிரமோ தாமதமாகவோ வருகிறார்.

சரி, டோக்கியோ. மொத்தம் சுமார் 5,300 கி.மீ. குளிர்காலத்தில் இந்தப் பாதையை இரண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். சாங்கியிலிருந்து தென்சீனக் கடல் வழியாகத் தைவானை ஒட்டிய அகலாங்கு வரை சுமார் 3,200 கி.மீ. அந்தப் பகுதியில் காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது. மிச்சம் 2,100 கி.மீ. ஜெட் காற்றோட்டத்துக்குள், அதாவது உயரத்தில் ஆறு போல வேகமாக ஓடும் காற்றுக்குள், போகிறது. ஜனவரியில் தெற்கு ஜப்பானுக்கு மேலே ஓடுவது உலகிலேயே மிக வலுவான ஜெட் காற்றுகளில் ஒன்று. அதன் நடுவில் மணிக்கு 250 கி.மீ. சாதாரணம், 300ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. விமானம் அந்த நடுப்பகுதியிலேயே முழுநேரமும் பறப்பதில்லை, காற்றும் விமானமும் துல்லியமாக ஒரே திசையில் போவதுமில்லை. விமானம் வடகிழக்கே போகிறது, காற்று ஏறக்குறைய கிழக்கே. ஆகவே பாதையோடு சேரும் பங்கு சராசரியாக 160 என்று வைத்துக்கொள்வோம்.

விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்து மணிக்கு 900. முதல் துண்டு இரு பக்கமும் 3 மணி 33 நிமிடம். இரண்டாம் துண்டில் போகும்போது தரைவேகம் 1,060, அதனால் 1 மணி 59 நிமிடம். வரும்போது 740, அதனால் 2 மணி 50 நிமிடம். வித்தியாசம் 51 நிமிடம். இதற்கு மேல், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். சரவணன் டிக்கெட்டில் பார்த்த முக்கால் மணி நேரம் இங்கேதான் இருக்கிறது.

செங்காங் சரவணன்
அக்கா, மிக்க நன்றி. உங்கள் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு சந்தேகம். காற்றே இல்லாவிட்டால் இரண்டாம் துண்டு 2 மணி 20 நிமிடம் வருகிறது. அப்படியானால் போகும்போது கிடைக்கும் லாபம் 21 நிமிடம், வரும்போது வரும் நட்டம் 30 நிமிடம். ஒரே காற்றுதானே, ஏன் சமமாக இல்லை?

பீஷான் குமரன்
இதை என் மாணவர்களிடம் கேட்டால் பாதி வகுப்பு தவறாகத்தான் சொல்லும். உதவும் காற்றில் சீக்கிரம் போய்விடுகிறோம், அதனால் உதவி கிடைக்கும் நேரமும் குறைவு. எதிர்க்கும் காற்றில் மெதுவாகப் போகிறோம், அதனால் அடி வாங்கும் நேரம் அதிகம். ஆகவே போய்வரும் மொத்தக் கணக்கில் காற்று எப்போதும் நட்டம்தான். காற்றின் வேகம் கூடக் கூட இந்த நட்டம் இன்னும் வேகமாக ஏறும்.

தெம்பனிஸ் மலர்விழி
அந்த நட்டத்துக்கு விலையும் உண்டு. இரட்டை எஞ்சின் பெரிய விமானம் மணிக்கு சுமார் 6 டன் எரிபொருள் குடிக்கும். எதிர்காற்றில் கூடுதலாகும் அரை மணி நேரம் ஏறக்குறைய 3 டன். அந்த 3 டன்னைச் சுமந்து பறக்கவே இன்னும் கொஞ்சம் எரிபொருள் வேண்டும். அதனால் டோக்கியோவிலிருந்து வரும்போது நேர்கோட்டை அப்படியே பிடிப்பதில்லை. ஜெட்டின் நடுப்பகுதி எங்கே இருக்கிறது என்று பார்த்து, முடிந்தால் பாதையைச் சற்று விலக்குவோம், அல்லது வேறு உயரத்தைத் தேர்ந்தெடுப்போம். தூரம் கூடினாலும் நேரம் மிச்சமாகும். எல்லா நாளும் நினைத்தபடி விடமாட்டார்கள். வான்வழிகள் குறிக்கப்பட்டவை, மற்ற விமானங்களும் அதே உயரத்தைக் கேட்கும்.

ஜூரோங் பாண்டியன்
சென்ற மாதம் எனக்கு இரண்டு மணி நேரத் தாமதம். இணைப்பு விமானம் போய்விட்டது. கேட்டால் ‘காற்று’ என்று சொன்னார்கள். இதற்கு நட்டஈடு கிடைக்குமா? யாராவது வாங்கியிருக்கிறீர்களா?

பீஷான் குமரன்
பாண்டியன், இந்த இழை அதைப் பற்றியது இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்லலாம். இரண்டு மணி நேரம் என்றால் அது இந்தக் காற்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. குளிர்காலக் காற்று அட்டவணையிலேயே சேர்க்கப்பட்டிருக்கும்.

தெம்பனிஸ் மலர்விழி
ஆமாம். மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் அட்டவணை மாறும்போது பறக்கும் நேரத்தையும் பருவத்துக்கு ஏற்ப மாற்றுவார்கள். எதிர்பார்த்ததைவிட எதிர்காற்று வலுத்தால் பத்து, இருபது நிமிடம் தாமதமாகலாம். அதற்கு மேல் என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

செங்காங் சரவணன்
என் முதல் கேள்விக்கு வருகிறேன். ஜப்பானுக்கு மேலே காற்று ஏன் எப்போதும் கிழக்கு நோக்கியே ஓடுகிறது?

தெம்பனிஸ் மலர்விழி
ராமையா அண்ணன் மகிழ்ச்சி அடையலாம். அவர் சொன்ன சுழற்சி இங்கே பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது.

நமக்கு மேலே பிற்பகலில் கறுத்துத் திரளும் இடிமேகத்தைப் பாருங்கள். சிங்கப்பூர், போர்னியோ, சுமத்ரா, ஜாவா முழுவதும் இப்படிச் சூடான ஈரக்காற்று 12 கி.மீ., 15 கி.மீ. உயரத்துக்கு ஏறுகிறது. மேலே போன காற்று அங்கேயே நிற்க முடியாது, வடக்கிலும் தெற்கிலும் வழிந்தோடுகிறது. பூமத்திய ரேகையிலிருந்து கிளம்பும்போது அதற்குத் தரையின் 1,670 கி.மீ. கிழக்கு வேகம் இருக்கிறது. டோக்கியோ இருக்கும் அகலாங்கில் தரையின் வேகம் சுமார் 1,350தான். வடக்கே போகப் போகப் பூமியின் அச்சை நெருங்குவதால் காற்றின் வேகம் இன்னும் கூடுகிறது, அது தரையை முந்துகிறது. முந்துவது என்றால் தரையில் நிற்பவருக்கு அது மேற்கிலிருந்து வீசும் காற்று. உராய்வும் சுழல்களும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடுகின்றன, இருந்தும் மிச்சமிருப்பது அந்த 250, 300. குளிர்காலத்தில் சைபீரியா உறைந்து கிடக்கும்போது வடக்குக்கும் தெற்குக்கும் இடையே வெப்ப வித்தியாசம் உச்சத்தில் இருக்கும். அதனால் காற்றும் உச்சத்தில் இருக்கும். ஆக, ஜப்பானில் விமானத்தைத் தள்ளும் காற்றில் ஒரு பங்கு நம் பக்கத்து இடிமழையிலிருந்து கிளம்பியது.

தோ பாயோ ராமையா
அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன். பூமிச் சுழற்சி.

பீஷான் குமரன்
சொன்னது சுழற்சி, விட்டது காற்று. அந்தக் காற்றை அளந்தவரும் ஜப்பானியர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள தத்தேனோ ஆய்வகத்தில் வாசபுரோ ஓயிஷி என்பவர் 1920களில் பலூன் விட்டுப் பார்த்து, ஒன்பது கி.மீ. உயரத்தில் இவ்வளவு வலுவான காற்று இருப்பதைப் பதிவுசெய்தார். 1926இல் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டதால் வெளியே படித்தவர் குறைவு. 1944 இறுதியில் டோக்கியோவைக் குண்டுவீசப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அதே காற்றில் மாட்டிக்கொண்டு குறி தவறின. மாணவர்களிடம் இதைச் சொன்னால் மட்டும் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

உட்லண்ட்ஸ் கலா
எல்லாரும் ஜப்பானிலேயே சுற்றுகிறீர்கள். எங்கள் திருச்சிக்கு என்ன பதில்?

தெம்பனிஸ் மலர்விழி
கலா அக்கா கேட்டதுதான் உண்மையில் சுவையான கேள்வி.

சிங்கப்பூர்–தமிழ்நாடு பாதை முழுவதும் சுமார் 1 பாகை முதல் 13 பாகை வடக்கு வரைதான் போகிறது. மேற்கிலிருந்து வீசி ஜப்பானை அறையும் அந்தக் காற்று இவ்வளவு தெற்கே பெரும்பாலும் வருவதில்லை. இந்தியாவில் அது வட மாநிலங்களுக்கு மேலே ஓடும், அதுவும் குளிர்காலத்தில். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை புரண்டுவிடும். திபெத் பீடபூமி கோடையில் நன்றாகச் சூடாகிறது, அதன் மேலே உள்ள காற்றுத் தூணும் சூடாகிறது. மற்ற இடங்களில் பூமத்திய ரேகைப் பக்கம் சூடு, வடக்கே குளிர். இங்கே மட்டும் வடக்கே சூடு, தெற்கே அதைவிடக் குறைவு. வெப்பத்தின் சரிவு திரும்பியதும் காற்றின் திசையும் திரும்புகிறது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து தென்னிந்தியா வழியாக ஆப்பிரிக்கா வரை, கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் ஓடுகிறது. இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி எழுதினார்.

அதன் வலுவான பகுதி 14, 15 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, அங்கே மணிக்கு 100 கி.மீ.க்கு மேல். நம் விமானங்கள் 10 முதல் 12 கி.மீ.யில் பறப்பதால் அதன் அடிப்பகுதியைத்தான் தொடுகின்றன. 50 கி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 2,900 கி.மீ., சிறிய விமானத்தின் வேகம் 850. மேற்கே போகும்போது 900, அதாவது 3 மணி 13 நிமிடம். கிழக்கே வரும்போது 800, அதாவது 3 மணி 37 நிமிடம். 24 நிமிட வித்தியாசம், டோக்கியோவுக்கு நேர் எதிர்த் திசையில்.

பீஷான் குமரன்
ஜூலைக்கு இது சரி. ஆனால் கலா அக்கா சொன்னது தீபாவளி. அக்டோபர், நவம்பரில் அந்த ஜெட் இருக்காதே?

தெம்பனிஸ் மலர்விழி
இருக்காது. அப்போது இந்தியப் பக்கம் வெறும் மெல்லிய காற்று. பூமத்திய ரேகையை ஒட்டி, நம் பகுதிக்கு மேலே ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்து வீசும் லேசான காற்று இருக்கும். அதனால் வரும் பயணம் சில நிமிடங்கள் அதிகமாகலாம். அதற்கு மேல் 20 நிமிடத்தை என்னால் காற்றின் தலையில் கட்ட முடியாது. அதிகாலையில் சாங்கியில் விமானங்கள் வரிசைகட்டி இறங்குகின்றன, அந்தக் காத்திருப்புக்கும் அட்டவணையில் இடம் விட்டிருப்பார்கள்.

பீஷான் குமரன்
அதை ஏற்கத் தயங்குகிறேன். விமானங்களைப் பின்தொடரும் செயலியில் ஜனவரி மாதத்துச் சென்னைப் பயணங்கள் சிலவற்றைப் பார்த்தேன். நண்பகலில் இறங்கும் விமானமும் வரும்போது கொஞ்சம் அதிகமாகத்தான் எடுக்கிறது.

தெம்பனிஸ் மலர்விழி
நீங்கள் பார்த்தது வாசல் விட்டு வாசல் சேரும் நேரமா, சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொட்டது வரையா? செயலி இரண்டையும் காட்டும். காற்றைப் பற்றிப் பேச இரண்டாவதுதான் உதவும். அதிலும் பறந்த தூரத்தைச் சேர்த்துப் பாருங்கள். இறங்கும் முன் சுற்றவைத்திருந்தால் தூரம் கூடியிருக்கும்.

பாசிர் ரிஸ் ஆனந்தி
என் அக்கா மகன் நியூயார்க்கில் படிக்கிறான். சிங்கப்பூர்–நியூயார்க் நேரடி விமானம் போகவும் 18 மணி நேரத்துக்கு மேல், வரவும் 18 மணி நேரத்துக்கு மேல் என்கிறான். அங்கே காற்று வேலை செய்யாதா?

தெம்பனிஸ் மலர்விழி
நன்றாக வேலை செய்கிறது, அதனால்தான் அப்படி. பூமியின் ஏறக்குறைய எதிர்ப்பக்கம் என்பதால் எந்தப் பக்கம் போனாலும் தூரம் பெரிதாக மாறாது. போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே, ஜப்பான் பக்கத்து ஜெட்டைப் பிடித்துக்கொண்டு. திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கே. உங்கள் அக்கா மகன் போய்வந்தால் உலகை ஒரு சுற்று சுற்றியிருப்பான்.

பாசிர் ரிஸ் ஆனந்தி
அவன் இன்னொன்றும் கேட்கிறான். 2020 பிப்ரவரியில் புயல் நேரத்தில் நியூயார்க்–லண்டன் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்ததாம், வேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியதாம். ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா?

பீஷான் குமரன்
இல்லை. 1,300 என்பது தரையைப் பொறுத்த வேகம். இறக்கைக்குத் தெரிவது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த 900 சொச்சம்தான். அந்த உயரத்தில் ஒலியின் வேகம் சுமார் 1,060. விமானம் அதைத் தொடவே இல்லை.

செங்காங் சரவணன்
டிசம்பரில் போகும்போது இதை நானே பார்க்க முடியுமா?

தெம்பனிஸ் மலர்விழி
முன்னிருக்கைத் திரையில் வரைபடத்தைப் போட்டு, தரைவேகத்தை மட்டும் கவனியுங்கள். தென்சீனக் கடலில் 890, 905 என்று அசையாமல் நிற்கும். தைவானைத் தாண்டியதும் 940, 980 என்று ஏறத் தொடங்கி ஆயிரத்தைக் கடக்கும். எஞ்சின் சத்தம் துளியும் மாறாது. சில திரைகளில் பின்காற்று எவ்வளவு என்றே தனியாக வரும். அந்த எண் ஏறும் இடத்தில், ஜெட்டின் ஓரத்தில், மேகமே இல்லாமல் விமானம் குலுங்கலாம், அதனால் பெல்ட்டைப் போட்டே வைத்திருங்கள். பிள்ளைகளுக்குச் சூடான பானம் வாங்குவதென்றால் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

ஜூலையில் போயிருந்தால் இவ்வளவு பார்த்திருக்க மாட்டீர்கள். ஜெட் வடக்கே ஒதுங்கி மெலிந்துவிடும், வித்தியாசமும் சுருங்கிவிடும்.

ஜூரோங் பாண்டியன்
நட்டஈடு பற்றி யாருமே சொல்லவில்லை.

பீஷான் குமரன்
மலர்விழி, சக்கரம் விட்ட நேரத்தை வைத்து மறுபடியும் பார்த்தேன். ஜனவரிச் சென்னைப் பயணங்களில் இன்னும் எட்டு, பத்து நிமிட வித்தியாசம் மிச்சமிருக்கிறது. பறந்த தூரமும் பெரிதாக மாறவில்லை.

தெம்பனிஸ் மலர்விழி
எட்டு நிமிடம் என்றால் கிழக்கிலிருந்து வீசும் 17 கி.மீ. காற்றே போதும். பத்துக்கு 21 ஆகும். இரண்டும் நடக்கக்கூடியதுதான். எந்த உயரத்தில் பறந்தன என்பதையும் அனுப்புங்கள், அன்றைய காற்று வரைபடத்தோடு வைத்துப் பார்க்கிறேன். கலா அக்காவின் தீபாவளி விமானத்துக்கு நான் இன்னும் சாங்கி வரிசையைத்தான் குறைசொல்வேன்.

உட்லண்ட்ஸ் கலா
வரிசையோ காற்றோ, இந்த முறை பகல் விமானத்தில் போட்டிருக்கிறேன். வரும் நேரத்தைக் குறித்து வந்து இங்கே எழுதுகிறேன்.